சாயப்பட்டறைத் திட்ட அறிக்கையின் கழிவுப் பகுதி: உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நூற்கழி (மருதமுனை), முதற் பதிவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று கைத்தறிகள் ஓடுகின்றன. இதுவரை சாயமிட்ட நூலை வெளியிலிருந்து வாங்கி வந்தோம். இனி நாங்களே பருத்தி நூலுக்குச் சாயமிட்டு, சேலைக் கரைகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் திரைச்சட்ட அச்சுப் பதிப்பதற்காக ஒரு சிறிய பட்டறை அமைக்க எண்ணியுள்ளோம். காணி 15 பேர்ச். பணியாளர் ஆறு பேர். ஒரு நாளைக்கு 20 கிலோ நூல்.

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் சந்தை, இயந்திரம், கடன் மீளளிப்பு ஆகிய பகுதிகளை எழுதி முடித்துவிட்டேன். கழிவு முகாமைத்துவம் என்ற பகுதியில் மட்டும், "சாயக் கழிவுநீர் உரிய முறையில் சுத்திகரிக்கப்பட்டு, சுற்றாடலுக்குப் பாதிப்பின்றி வெளியேற்றப்படும்" என்று ஒரே வரி எழுதியிருந்தேன். அறிக்கையைப் பார்த்த வங்கி உத்தியோகத்தர் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, "எவ்வளவு நீர், என்ன முறை, எங்கே?" என்று எழுதித் திருப்பித் தந்தார். அந்த மூன்று கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்.

---

கல்முனைத் தெரு

தம்பி, இதை இவ்வளவு பெரிதாக எடுக்கத் தேவையில்லை. பத்துப் பேருக்குக் குறைவான தொழிலென்றால் உள்ளூராட்சி சபையிலேயே சுற்றாடல் உரிமத்தை எடுத்துவிடலாம். கழிவுநீருக்கு நமது மண் மிகவும் வசதியானது. எட்டடிக் குழி வெட்டி, அடியில் கருங்கல்லும் செங்கல் துண்டும் போட்டால், எவ்வளவு ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். நிறம் தெரிகிறது என்று அயலவர் முறையிட்டால், குழிக்குள் விடுமுன் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் வெளுத்துவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

---

அட்டைப்பெட்டி (மட்டக்களப்பு)

நாங்கள் பல ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருக்கிறோம். அச்சுத் தகடுகளையும் மை படிந்த துணிகளையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். அலுமினியத் தகட்டைப் பழைய இரும்புக்காரரே காசு கொடுத்து வாங்குவார். உருளை கழுவும் எண்ணெயை மட்டும் வடிகானில் ஊற்ற வேண்டாம்.

---

நூற்கழி

அண்ணன், மன்னிக்கவும். நான் குறிப்பிட்டது துணியில் பதிக்கும் அச்சு. கலியாண அட்டை அச்சடிக்கும் அச்சகமல்ல. ஆனாலும் மை படிந்த துணியைப் பிரித்து வைப்பது எங்களுக்கும் பொருந்தும்.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

மேல் மாகாணத்தில் ஓர் ஆடைத் துணி ஆலையின் சாயப்பகுதியில் 22 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் வங்கி உத்தியோகத்தர் கேட்ட மூன்று கேள்விகளும் சரியான வரிசையில் உள்ளன. முதற் கேள்விக்குப் பதில் எழுதினால்தான் மற்ற இரண்டுக்கும் பதில் வரும். பெரும்பாலானோர் இரண்டாவதிலிருந்து, அதாவது எந்தத் தாங்கி, எந்த வடிகட்டி என்பதிலிருந்து தொடங்குகிறார்கள்.

உங்கள் 20 கிலோவையே எடுத்துக்கொள்வோம். தொட்டியில் நூற்கழியைக் கையால் புரட்டிச் சாயமிடுபவர்கள் வழமையாக ஒரு கிலோ நூலுக்கு 20 லீற்றர் தண்ணீர் வைப்பார்கள். ஆகவே சாயத் தொட்டி 400 லீற்றர். நடுத்தர நிறமொன்றுக்கு ரியாக்டிவ் சாயம் நூலின் எடையில் 2 வீதம் என்றால் 400 கிராம். இதில் ஏறத்தாழ 70 வீதம் நூலில் பிடித்துக்கொள்ள, மிகுதி 120 கிராம் கழிவுநீரில் போகும். எல்லோருடைய கண்ணும் இந்த 120 கிராமில்தான் நிற்கிறது, ஏனெனில் அது நிறமாகத் தெரிகிறது.

தெரியாமல் போவது உப்பு. ரியாக்டிவ் சாயம் நூலை நோக்கி நகர ஒரு லீற்றருக்கு 50 கிராம் உப்புப் போட வேண்டும். 400 லீற்றருக்கு அது 20 கிலோ. நீங்கள் சாயமிடும் நூலின் எடைக்குச் சமமான உப்பு ஒவ்வொரு நாளும்! அத்துடன் சாயத்தைப் பிடிக்க வைக்கும் சலவைச் சோடா லீற்றருக்கு 15 கிராம், அதாவது 6 கிலோ. உப்பில் ஒரு கிராம் கூட நூலில் தங்குவதில்லை. போட்ட 20 கிலோவும் வெளியே வரும். மாதம் 25 நாள் வேலை என்றால் அரைத் தொன் உப்பு.

இனி ஊறற் குழியைப் பற்றிப் பேசலாம். கல்முனைத் தெரு நண்பர் சொன்னது பாதி சரி. மணல் தண்ணீரைக் குடிக்கும், சேற்றையும் ஓரளவு பிடித்துவைக்கும். ஆனால் உப்பு தண்ணீரோடு தண்ணீராகவே மணலைத் தாண்டிப் போய்விடும். கடற்கரைக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நமது மணற்பட்டியில் மழைநீரால் ஆன நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. உங்கள் வீட்டுக் கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் அந்தப் படையிலிருந்துதான் எடுக்கின்றன. எட்டடிக் குழி மாரி காலத்தில் நேரடியாக அந்தப் படைக்குள்ளேயே இறங்கி நிற்கும்.

பிளீச்சிங் பவுடர் நிறத்தை உடைப்பதும் உண்மைதான். ஆனால் உடைந்த சாயத்தின் துண்டுகள் குளோரின் சேர்ந்த சேர்மங்களாக நீரிலேயே இருக்கும். எஞ்சிய குளோரின் வடிகான் வழியாக வாவிக்குப் போனால் மீன் குஞ்சுகளுக்கு அது நஞ்சு. ஆய்வுகூடத்தில் மாசின் அளவைக் காட்டும் இரசாயன ஒட்சிசன் தேவையை அளந்தால், வெளுத்த நீரும் வெளுக்காத நீரும் பெரிய வித்தியாசமின்றி இருக்கும். பார்வைக்குத் தப்பலாம், பரிசோதனை அறிக்கைக்குத் தப்ப முடியாது.

---

மெழுகுத்துணி (மட்டக்களப்பு)

நான் வீட்டில் பத்திக் செய்கிறேன். மெழுகைக் கொதிநீரில் உருக்கி, ஆறியபின் மேலே கட்டியாக மிதப்பதை எடுத்து மீண்டும் பாவிப்பதால் மெழுகு பெரிய சிக்கலல்ல. எனது சிக்கல் ஐயா சொன்ன அதே குழிதான்.

ஆரம்பத்தில் சாயத் தண்ணீரை வளவின் மூலையிலிருந்த குழியில் விட்டேன். கிணறு அங்கிருந்து ஏறத்தாழ 40 அடி. கிணற்றில் ஒருநாளும் நிறம் வரவில்லை என்பதால், எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணினேன். இரண்டாவது ஆண்டில் தேநீரில் பால் திரிந்தது போல ஒரு மாற்றம் தெரிந்தது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. பிறகு கிணற்றைச் சுற்றியிருந்த கறிவேப்பிலை ஓரத்திலிருந்து கருகத் தொடங்கியது. அப்போதுதான் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். குழியை மூடி மூன்று மாரி போன பிறகே கிணறு ஓரளவு திரும்பியது. அதுவரை குடிநீரை வெளியிலிருந்துதான் எடுத்தோம். நிறம் வராததால் கெடுதல் இல்லை என்று நினைத்ததுதான் எனது பிழை.

ஐயாவிடம் ஒரு கேள்வி. உப்பை நீரிலிருந்து பிரிக்கவே முடியாதென்றால், தம்பி இந்தத் தொழிலைக் கைவிட வேண்டியதுதானா?

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

இல்லை தங்கச்சி. பிரிப்பது கடினம், ஆனால் கலக்காமல் விடுவது இலகு. முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

ஒரு தொகுதி நூலுக்கு எத்தனை தண்ணீர் மாற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அவித்து அழுக்கெடுக்க ஒன்று, சாயத்துக்கு ஒன்று, குளிர்நீர் அலசலுக்கு ஒன்று, புளிப்பு நீருக்கு ஒன்று, கொதிக்கும் சவர்க்கார நீருக்கு ஒன்று, கடைசி அலசல்கள் இரண்டு. ஏழு தண்ணீர், ஒவ்வொன்றும் 400 லீற்றர், மொத்தம் 2,800 லீற்றர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டால் ஒவ்வொரு லீற்றரிலும் 7 கிராம் உப்பு இருக்கும். அந்த நீரைத் தென்னைக்கும் விட முடியாது. நிலத்துக்குப் பாய்ச்சும் கழிவுநீரில் கரைந்த திண்மங்கள் லீற்றருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2008 ஒழுங்குவிதிகளிலுள்ள எல்லை.

ஆனால் சாயத் தொட்டியின் நீரை மட்டும் தனியாக வடித்தால்? நூல் தன்னுள் ஏறத்தாழ 40 லீற்றரை வைத்துக்கொள்ளும் என்று கொண்டால், 360 லீற்றர் வெளியே வரும். அதில் 18 கிலோ உப்பு இருக்கும். மொத்த நீரில் எட்டில் ஒரு பங்கு, மொத்த உப்பில் பத்தில் ஒன்பது பங்கு. அந்த 360 லீற்றரை ஒரு குழாயிலும் மற்ற 2,400 லீற்றரை இன்னொரு குழாயிலும் விட்டால், இரண்டாவது நீரில் லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைந்த உப்பே வரும். அதைச் சாதாரண முறையில் தெளிய வைக்கலாம். முதலாவதை வெயிலில் காய வைக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கட்டட வரைபடத்தில் இரண்டு வடிகால் கோடுகள் இருக்க வேண்டும். கட்டிய பிறகு தரையை உடைத்து இரண்டாவது குழாய் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் 40 லீற்றர் என்பது நான் எடுத்த எண். உங்கள் நூல் எவ்வளவு வைத்துக்கொள்கிறது என்பதை நீங்களே அளந்து சொல்லுங்கள். சாயத் தொட்டி நீரில் 100 மில்லிலீற்றரும், முதல் அலசலில் 100 மில்லிலீற்றரும் எடுத்து, பழைய சட்டியில் மெல்லிய நெருப்பில் வற்றவைத்து, எஞ்சுவதை நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

---

கல்முனைத் தெரு

குழி விடயத்தில் எனது கருத்தை மீளப் பெறுகிறேன். ஆனால் வெயிலில் காயவைப்பதெல்லாம் பழைய முறை. திருப்பூரில் சாயப்பட்டறைகள் சவ்வு வடிகட்டி வைத்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் நடத்துகிறார்கள். அதில் சிறியதொன்றை வாங்கினால் முடிந்தது.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

திருப்பூரில் அது விருப்பத்தால் வந்ததல்ல. நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திறப்பதற்கு அதுவே நிபந்தனையானது. சவ்வு உப்பை அழிப்பதில்லை. நல்ல நீரை ஒரு பக்கமும் செறிந்த உப்புநீரை மறுபக்கமும் தள்ளுகிறது. அந்த உப்புநீரை அவர்களும் கடைசியில் ஆவியாக்கத்தான் வேண்டும், அதற்கு நீராவிக் கொதிகலன் வைத்திருக்கிறார்கள். நம் தம்பிக்கு உப்புநீர் ஏற்கெனவே 360 லீற்றராகச் செறிந்தே வருகிறது. சவ்வுக்கு என்ன வேலை?

---

நூற்கழி, ஒன்பது நாட்களின் பின்

ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். தெரிந்தவர் ஒருவரின் தொட்டியில் சிவப்புச் சாயமிடும் நாளில் இரண்டு போத்தல்கள் நிரப்பி வந்தேன். சாயத் தொட்டி நீர் 100 மில்லிலீற்றரில் 6.5 கிராம் எஞ்சியது. உப்பு 50, சோடா 15 என்ற கணக்கோடு அது அப்படியே ஒத்துப்போனது. ஆனால் முதல் அலசல் நீரில் 1.6 கிராம் எஞ்சியது. ஐயாவின் கணக்குப்படி அது 0.65 கிராமாக இருந்திருக்க வேண்டும். எங்கே பிழை?

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

நல்ல வேலை. பிழை உங்கள் தராசில் இல்லை. திருப்பிக் கணக்கிடுங்கள். லீற்றருக்கு 16 கிராம், 400 லீற்றருக்கு 6.4 கிலோ. லீற்றருக்கு 65 கிராம் உள்ள நீரில் அது ஏறத்தாழ 100 லீற்றர். ஆகவே 20 கிலோ நூல் 100 லீற்றர் நீரைச் சுமந்துகொண்டு அலசல் தொட்டிக்குள் போயிருக்கிறது. அந்த நண்பர் நூலைச் சாயத்திலிருந்து தூக்கிய கையோடு அலசலில் போட்டிருப்பார்.

நூலைத் தடியில் கோர்த்துச் சாயத் தொட்டிக்கு மேலேயே பத்து நிமிடம் தொங்க விட்டு, பிறகு முறுக்கிப் பிழிந்து, மீண்டும் அளந்து பாருங்கள்.

---

நூற்கழி, அடுத்த வாரம்

தொங்கவிட்டுப் பிழிந்த பின் 0.8 கிராம். அதாவது நூல் சுமந்தது 50 லீற்றர் மட்டுமே. பத்து நிமிடமும் ஒரு சோடிக் கையும் சேர்ந்து, இரண்டாவது குழாய்க்குப் போகும் உப்பைப் பாதியாக்கிவிட்டன. இதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதே எனக்கு ஆச்சரியம்.

அடுத்த கேள்வி, காயவைக்கும் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

உப்புநீர் நன்னீரை விட மெதுவாகவே ஆவியாகும், உப்புச் செறியச் செறிய இன்னும் மெதுவாகும். கோடையில் ஒரு நாளைக்கு 3.5 மில்லிமீற்றர் இறங்கும் என்றே நான் கணக்கெடுப்பேன். மாதத்தில் 25 நாள் சாயமிட்டால், நாளொன்றுக்குச் சராசரி 300 லீற்றர். அதைக் காயவைக்க 86 சதுர மீற்றர் வேண்டும். சற்றுக் கூட்டி 100 என்று வையுங்கள். நான்கு பேர்ச்! 15 பேர்ச் காணியில் இது கனதியான பங்கு.

எனவே தொட்டியைப் பெருப்பிக்கும் முன் சாயத் தொட்டியைச் சிறிதாக்குங்கள். அகலம் குறைந்த, ஆழமான தொட்டியில் ஒரு கிலோவுக்கு 12 லீற்றர் போதும். அப்போது 240 லீற்றர், அதற்கு உப்பு 12 கிலோ. பிழிந்த பின் வெளியேறுவது 190 லீற்றர். காயவைக்க 50 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவாக, இரண்டு பேர்ச்சுக்குள் அடங்கும். ஒவ்வொரு நாளும் 8 கிலோ உப்பு வாங்கும் செலவும் இல்லை. இதற்கு விலை கொடுக்க வேண்டியது வேறிடத்தில். நீர் குறைந்தால் நூலை அடிக்கடி புரட்ட வேண்டும், உப்பை மூன்று தவணையாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் கழியின் கட்டுப்போட்ட இடத்தில் வெளிறிய வளையம் விழும். ஐந்து கிலோவில் பழகிவிட்டு இருபதுக்குப் போங்கள்.

தொட்டியின் அடி கசியக் கூடாது. ஒரு கறுத்தப் பொலித்தீன் விரிப்பை மட்டும் நம்ப வேண்டாம், நண்டும் எலியும் ஓட்டை போடும். சீமெந்துப் பூச்சின் மேல் விரிப்பைப் போடுங்கள். ஆழம் ஒரு அடிக்கு மேல் தேவையில்லை.

இனி மற்றக் குழாயின் 1,440 லீற்றர். ஆறு தண்ணீர், ஒவ்வொன்றும் 240. இதில் நிறம் இருக்கும். படிகாரம் மட்டும் போட்டால் ரியாக்டிவ் சாயம் இறங்காது. அன்னபேதி என்ற இரும்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட வேண்டும். ஒரு லீற்றர் போத்தல்கள் ஐந்தை வரிசையாக வைத்து, அன்னபேதியை 200, 300, 400, 500, 600 மில்லிகிராம் என்று போட்டு ஐந்து நிமிடம் கலக்கி, சுண்ணாம்புப் பாலை விட்டு, காரத்தன்மைத் தாள் 9க்கும் 9.5க்கும் இடையில் காட்டும்வரை கொண்டுவந்து, மெதுவாகக் கால் மணித்தியாலம் கலக்குங்கள். இரண்டு மணித்தியாலத்தில் பச்சை கலந்த கபிலச் சேறு அடியில் படியும். தெளிந்த நீரை ஒரு வெள்ளை வாளியில் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் துருநிறமாக மாறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இரும்பு நீரிலேயே இருக்கிறது என்று பொருள். மாறாவிட்டால் அதில் மிகக் குறைந்த அளவைத் தெரிவு செய்யுங்கள், ஏனெனில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கிராமும் சேறாக வந்து உங்கள் கையிலேயே நிற்கும். வெளியே விடுமுன் காரத்தை 8.5க்குக் கீழே கொண்டுவர மறக்க வேண்டாம். நிறம் போய்விட்டதென்று காரநீரை விட்டுச் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு.

நிறத்தின் எல்லையைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். ஒழுங்குவிதி மூன்று அலைநீளங்களில் அளக்கச் சொல்கிறது. 436, 525, 620 நனோமீற்றரில் ஒளி உறிஞ்சல் ஒரு மீற்றருக்கு முறையே 7, 5, 3. ஒரு சென்ரிமீற்றர் கண்ணாடிக் கலத்தில் 7 என்பது வெறும் 0.07. குடிக்கும் கிளாஸில் நிறமே இல்லாதது போலத் தெரியும் நீர் இந்த எல்லையில் தோற்றுவிடலாம்.

---

திட்டக்கணக்கு (அம்பாறை)

சிறு கைத்தொழில்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது எனது தொழில். சாயத்தைப் பற்றிப் பேச மாட்டேன், காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம். அதன் கீழ் உரிமம் தேவையான தொழில்கள் அ, ஆ, இ எனப் பட்டியலிடப்பட்டுள்ளன. இ பட்டியலுக்கு மட்டுமே உள்ளூராட்சி சபை உரிமம் வழங்கும். மற்ற இரண்டுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் போக வேண்டும். பணியாளர் தொகையை வைத்துப் பிரிப்பது சில தொழில்களுக்கு உண்டு என்பது சரிதான், ஆனால் அது எல்லாத் தொழிலுக்கும் பொதுவான விதியல்ல. பலருடைய கையில் இருப்பது 2008 ஜனவரி வர்த்தமானி. 2022 ஜனவரியில் புதியது வந்துவிட்டது. எனவே சாயமிடல், அச்சு இரண்டையும் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டு, பதிலை அறிக்கையின் பின்னிணைப்பாக வையுங்கள். ஐயா சொன்ன எல்லை எண்களையும் அதே கடிதத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மருதமுனை என்பதால் இன்னொன்று. உங்கள் காணி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. இதை அறியாமல் அத்திவாரம் போட்ட ஒருவரின் அறிக்கையை நான் இரண்டு முறை எழுத வேண்டி வந்தது.

மேலே எல்லோரும் கோடையைப் பற்றியே பேசுகிறீர்கள். மாரியில் அந்த உப்புத் தொட்டி என்னவாகும்?

---

மெழுகுத்துணி

நானும் அதைத்தான் கேட்க வந்தேன். நவம்பரில் ஒரு இரவு மழையில் ஒரு அடித் தொட்டி நிரம்பி வழிந்துவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வளவில் முழங்காலளவு நீர் நின்றது. சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

உண்மை. நமது மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் திறந்த தொட்டி காய்வதற்குப் பதிலாக நிறையும். வழி இரண்டுதான். ஒன்று, நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி இறுதிவரை சாயமிடலை நிறுத்தி, அந்த இரண்டரை மாதமும் பிக்மென்ட் அச்சு வேலையை மட்டும் செய்வது. பிக்மென்டுக்கு உப்பு இல்லை, துணியை அலசவும் தேவையில்லை, சூடாக்கினால் ஒட்டிக்கொள்ளும். மற்றது, ஒளி புகும் தகட்டால் கூரை போட்டு, இரண்டரை மாத உப்புநீரையும் சேமிப்பது. நாளுக்கு 190 லீற்றர் என்றால் ஏறத்தாழ 12,000 லீற்றர். ஆயிரம் லீற்றர் தாங்கிகள் பன்னிரண்டு. தொட்டியின் விளிம்பு 2011 கறையை விட உயரமாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே குறியுங்கள்.

அச்சைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். சட்டத்தில் உருவம் எடுக்க என்ன பசை பூசுகிறீர்கள்? செம்மஞ்சள் நிறத் தூளைக் கரைத்துச் சேர்க்கிறீர்களா?

---

நூற்கழி

ஆம் ஐயா. கடையில் பைகுரோமேற் என்று தருகிறார்கள். ஒரு சட்டத்துக்கு ஒரு தேக்கரண்டிதான்.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

அந்தத் தேக்கரண்டியை நிறுத்துங்கள். அது ஆறு வலுவுள்ள குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. சட்டம் கழுவிய நீர் உங்கள் தெளியவைக்கும் தொட்டிக்குள் போனால், அன்னபேதி அதைப் பிடித்துச் சேற்றில் இறக்கும். அதன் பிறகு உங்கள் சேறு முழுவதும் குரோமியச் சேறு. டயசோ கலந்த பசை சற்று விலை கூட, ஆனால் இந்தத் தொல்லை இல்லை. அச்சுப் பசையை ரப்பர் வழிப்பானால் நன்றாக வழித்து டப்பாவுக்குள் திருப்பிப் போட்ட பிறகே சட்டத்தைக் கழுவுங்கள். கழுவும் நீரில் போகும் பசையின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

சேறு எவ்வளவு வரும் என்றும் எழுதுங்கள். 1,440 லீற்றருக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ உலர்சேறு என்று வைத்தால், மாதம் 20 கிலோவை அண்மிக்கும். மணற் படுக்கையில் வடித்த ஈரச்சேறாக அதன் நான்கைந்து மடங்கு. அதையும் காய்ந்த உப்பையும் கூரைக்குக் கீழே, தரையிலிருந்து உயர்த்திய பலகை மேல், திகதி எழுதிய சாக்குகளில் வையுங்கள். தோட்டத்துக்கு உரம் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

---

கல்முனைத் தெரு

காய்ந்த உப்பை அடுத்த சாயத்துக்கே போட்டால் என்ன? கறுப்புக்கும் கடும் நீலத்துக்கும் நிறம் ஒரு பொருட்டல்லவே.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

இம்முறை நீங்கள் என்னை யோசிக்க வைத்துவிட்டீர்கள். நிறம் பொருட்டல்ல, சோடாதான் பொருட்டு. உப்போடு சோடாவும் சேர்ந்தே காய்வதால், அதைத் தொடக்கத்திலேயே போட்டால் சாயம் நூலுக்குள் போகுமுன் நீரோடு வினைபட்டு வீணாகும். புளிப்பு விட்டு நடுநிலையாக்கிய பிறகு கறுப்புக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆலையில் நாங்கள் செய்ததில்லை, எனவே சரிவரும் என்று வாக்குத் தர மாட்டேன்.

---

நூற்கழி, மூன்று வாரங்களின் பின்

கழிவுப் பகுதியைத் திருத்தி எழுதியுள்ளேன். முக்கியமான பந்தி இது:

"நாளொன்றுக்கு 20 கிலோ நூலுக்கு 1,680 லீற்றர் நீர் பயன்படும். இதில் உப்புச் செறிந்த சாயத் தொட்டி நீர் 190 லீற்றர், தனிக் குழாய் மூலம் கூரையிட்ட 50 சதுர மீற்றர் ஆவியாக்கும் தொட்டிக்குச் செல்லும். நூலை அலசலுக்கு அனுப்புமுன் பத்து நிமிடம் வடித்துப் பிழிதல் கட்டாயமாகும். இதனைச் சரிபார்க்க, வாரம் ஒருமுறை முதல் அலசல் நீர் 100 மில்லிலீற்றரை வற்றவைத்து நிறுத்துப் பதிவேட்டில் குறிக்கப்படும். 240 லீற்றர் அலசலில் எஞ்சுவது ஒன்றரைக் கிராமைத் தாண்டினால், பிழிதல் சரியாக நடைபெறவில்லை எனக் கொள்ளப்படும். மிகுதி அலசல் நீர் மாறி மாறி நிரப்பப்படும் இரண்டு தாங்கிகளில் அன்னபேதியும் சுண்ணாம்பும் கொண்டு தெளியவைக்கப்படும். நவம்பர் 15 முதல் ஜனவரி 31 வரை சாயமிடல் நடைபெறாது."

போத்தல் பரிசோதனையில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் 400 மில்லிகிராம் போதுமாக இருந்தது. இராணி நீலம் என்று எங்களூரில் கேட்கும் டர்க்கொய்ஸ் மட்டும் 600 போட்டும் வெளிர் நீலமாகவே நிற்கிறது. வங்கி உத்தியோகத்தர் நீர்க் கணக்கைப் பார்த்துத் திருப்தியடைந்தார், ஆனால் இரண்டரை மாதம் சாயமிடாவிட்டால் மீளளிப்புத் தவணை எப்படி என்று கேட்கிறார்.

---

திட்டக்கணக்கு

அந்த இரண்டரை மாதத்துக்குச் சாயமிட்ட நூலை முன்கூட்டியே இருப்பில் வைப்பதாகக் காட்டுங்கள். ஒக்டோபர் இருப்பு, மூலதனத் தேவையைக் கூட்டும், ஆனால் தறி நிற்காது. உத்தியோகத்தர் அதை ஏற்பாரா என்பது அவருடைய கிளை முகாமையாளரைப் பொறுத்தது.

---

களுவாஞ்சிக்குடிச் சாயக்காரர்

பந்தி நன்றாக உள்ளது. ஒரு வசனம் குறைகிறது. தெளிந்த 1,440 லீற்றர் கடைசியில் எங்கே போகிறது? வடிகானுக்கா, தென்னைக்கா? இரண்டுக்கும் எல்லைகள் வேறு. வெளியேறும் இடம் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து, அதில் மாதிரி எடுக்க ஒரு திருகுபிடி வையுங்கள்.

டர்க்கொய்ஸ் நூலில் குறைவாகவே பிடிக்கும், அதற்குள் செம்பும் இருக்கிறது. அதை முதலாண்டு நிறப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், தேவைப்பட்டால் சாயமிட்ட நூலாகவே வாங்குங்கள்.

---

நூற்கழி

தென்னைக்கு என்றே எழுதுகிறேன் ஐயா, வளவில் ஒன்பது மரங்கள் நிற்கின்றன. நாளை போத்தலில் தெளிந்த நீரையும் சட்டியில் வற்றவைத்து, லீற்றருக்கு 2,100க்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணை இங்கே பதிகிறேன். இராணி நீலத்தை எடுத்துவிட்டேன் என்று உம்மாவிடம் சொல்வதுதான் கடினம், அவர் நெய்யும் சேலைகளில் பாதி அந்த நிறம்.

---

மெழுகுத்துணி

ஒன்பது மரத்தில் ஒன்றுக்கு மட்டும் முதல் ஆறு மாதம் விடுங்கள் தம்பி. ஓலை நுனி கருகுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம். கறிவேப்பிலை எனக்குச் சொல்லுமுன் தராசு சொல்லியிருந்தால் எனது கிணறு தப்பியிருக்கும்.